இந்த மெஷின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

கொஞ்சம் வயதான ஒரு நூற்பாலையின் சொத்துப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். வாங்கிய விலையில் 95 சதவீதம் தேய்மானமாக எழுதித் தீர்ந்துபோய், வெறும் ஸ்க்ராப் மதிப்போடு நிற்கும் ரிங் ஃப்ரேம்கள் வரிசையாக இருக்கும். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தால் அதே ஃப்ரேம்கள் மூன்று ஷிப்டும் நூல் இறக்கிக்கொண்டிருக்கும். பதிவேட்டின்படி அவற்றின் காலம் முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அதே மில்லின் இன்னொரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு இயந்திரம் கிடக்கும். அதை ஓட்டி இரண்டு வருடம் ஆகியிருக்கும். திரும்ப ஓட்டும் உத்தேசமும் யாருக்கும் இல்லை. பதிவேட்டிலோ அது இன்னும் அரைக் கோடி ரூபாய் மதிப்போடு கம்பீரமாக நிற்கும்.

இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். இயந்திரம் வந்து இறங்கிய வருடத்தில் யாரோ மூன்று விஷயங்களை மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். இது எத்தனை வருடம் நமக்கு உழைக்கும், கடைசியில் விற்றால் என்ன கிடைக்கும், நடுவில் வருடாவருடம் எந்த விகிதத்தில் தேயும் என்பவை அந்த மூன்றும். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தே ஆக வேண்டும் என்கின்றன விதிகள். பெரிய நிறுவனங்களுக்கான இண்ட் ஏஎஸ் 16, மற்ற நிறுவனங்களுக்கான திருத்திய ஏஎஸ் 10 ஆகிய இரண்டு கணக்கியல் தரங்களும் ஒன்றையே சொல்கின்றன: ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் குறைந்தது ஒரு தடவையாவது சொத்தின் பயன்பாட்டு ஆயுள், எஞ்சிய மதிப்பு, தேய்மான முறை மூன்றையும் மறுபடி பார். எதிர்பார்ப்பு மாறியிருந்தால் கணக்கையும் மாற்று. ஏறக்குறைய எல்லா ஆண்டறிக்கையிலும் "ஆண்டு முடிவில் மறுஆய்வு செய்யப்படுகிறது" என்ற வரி இருக்கும். போன வருடத்து அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வரியாக அது இருப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

மறுஆய்வு என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை மில்லை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக எண்களை நானே வைத்திருக்கிறேன். மில் 2019 ஏப்ரல் 1 அன்று ஒரு ரிங் ஃப்ரேம் வாங்குகிறது. விலை 1 கோடியே 5 லட்சம் ரூபாய். மூன்று ஷிப்ட் ஓட்டத்தில் 10 வருடம் உழைக்கும், கடைசியில் 5 லட்சத்துக்கு விற்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வருடாவருடம் ஒரே அளவாகத் தேய்மானம் எழுதும் நேர்கோட்டு முறை. மீதி 1 கோடியைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 10 லட்சம்.

ஐந்து வருடம் ஓடி 2024 மார்ச் 31 வருகிறது. இதுவரை 50 லட்சம் எழுதியாயிற்று. புத்தக மதிப்பு 55 லட்சம். இப்போது மறுஆய்வு. பராமரிப்புப் பிரிவு ஃப்ரேமைச் சோதித்துவிட்டு, ஸ்பிண்டில்களும் டிராஃப்டிங் பகுதியும் நல்ல நிலையில் இருக்கின்றன, இன்னும் 8 வருடம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் தருகிறது. பழைய மெஷின் சந்தையில் விசாரித்ததில், கழற்றும் செலவு போக 7 லட்சம் தேறும் என்று தெரிகிறது. சரி, புதுக் கணக்கு: 55 லட்சத்திலிருந்து 7 லட்சத்தைக் கழித்தால் 48 லட்சம். எட்டால் வகுத்தால் வருடத்துக்கு 6 லட்சம். 2024-25 முதல் 10 லட்சத்துக்குப் பதில் 6 லட்சம் எழுதுவார்கள்.

இங்கே செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள். முதல் ஐந்து வருடத் தேய்மானத்தை யாரும் தொடவில்லை. "அப்போதே 13 வருட ஆயுள் என்று தெரிந்திருந்தால் வருடத்துக்கு ஏழரை லட்சம்தானே எழுதியிருப்போம், அதிகமாக எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று சொல்ல விதி இடம் தரவில்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்து அன்று மதிப்பிட்டார்கள். இன்று புதுத் தகவல் வந்திருக்கிறது. மாற்றம் இன்றிலிருந்து முன்னோக்கி மட்டுமே போகும்.

ஒரு ஃப்ரேமில் 4 லட்சம் மிச்சம். இதே மாதிரி 40 ஃப்ரேம் இருந்தால் வருடத்துக்கு 1 கோடியே 60 லட்சம், வரிக்கு முந்தைய லாபத்தில் கூடுகிறது. ஒரு கிலோ நூல்கூட அதிகம் விற்கவில்லை, ஒரு யூனிட் மின்சாரம்கூட மிச்சமாகவில்லை. பேனா முனையில் வந்த லாபம் இது. இந்த விஷயத்தைக் கணக்குப் பிரிவுக்கு வெளியே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே மார்ச்சில் மில் வேறு ரக நூலுக்கு மாற முடிவெடுத்திருக்கிறது, இந்த ஃப்ரேம்களை 3 வருடத்தில் கழித்துவிடப் போகிறார்கள், விற்றால் 4 லட்சம்தான் கிடைக்கும் என்று வையுங்கள். 55-இல் 4 போக 51 லட்சம். மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 17 லட்சம். 10 லட்சமாக இருந்த செலவு 17 ஆகிறது. ஆயுளைக் கூட்டும் கடிதம் மேஜையில் சுறுசுறுப்பாக நகர்வதும், குறைக்கும் கடிதம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தூங்குவதும் ஏன் என்று இந்த இரண்டு எண்களையும் பார்த்தாலே தெரியும்.

குறைக்கும்போது இன்னொரு கேள்வியும் கூடவே வரும். அந்த மூன்று வருடத்தில் ஃப்ரேம்கள் ஈட்டித் தரப்போகும் பணமே அவற்றின் புத்தக மதிப்பைவிடக் குறைவு என்றால், தேய்மானத்தை வேகப்படுத்தினால் மட்டும் போதாது. மதிப்பிழப்புச் சோதனை செய்து, குறைவை உடனே நட்டமாக எழுத வேண்டும். தார்ப்பாய் போர்த்திய அந்த இயந்திரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான்.

இனி, யாரைக் கேட்டு ஆயுளை முடிவு செய்வது? கணக்கு அலுவலர் நேரே மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் போய், "இந்த மெஷின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்டால் கொங்குப் பக்கத்தில் கிடைக்கும் பதில் அநேகமாக இப்படி இருக்கும்: "ஸ்பேர் மட்டும் தடையில்லாம வாங்கிக் குடுங்க, எத்தனை வருஷம் வேணும்னாலும் ஓட்டிக் காட்டறேனுங்க." அவர் சொல்வது பொய்யில்லை. வார்ப்பிரும்புச் சட்டமும் எஃகுத் தண்டும் கொண்ட இயந்திரத்தைப் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே இருந்தால் முப்பது வருடமும் ஓட்டலாம்.

ஆனால் கணக்கியல் கேட்பது அதுவல்ல. இந்த நிறுவனம் இதை எத்தனை வருடம் வைத்து ஓட்டப்போகிறது என்பதுதான் பயன்பாட்டு ஆயுள். உலோகம் தேய்வது அதில் ஒரு காரணம் மட்டுமே. கட்டுப்பாட்டு மின்னணு அட்டையைத் தயாரிப்பாளர் இன்னும் எத்தனை வருடம் தருவார்? ஒரு கிலோ நூலுக்கு இந்த ஃப்ரேம் இழுக்கும் மின்சாரம் புது ஃப்ரேமைவிட எவ்வளவு அதிகம்? வாங்குபவர்கள் கேட்கும் தரம் இதில் வருமா? எட்டு வருடத்தில் எல்லா இயந்திரத்தையும் மாற்றிவிடுவது நிர்வாகத்தின் வழக்கமா? இதில் எது முதலில் முடிகிறதோ அதுதான் ஆயுள். எனவே மெயின்டனன்ஸ் மேனேஜரோடு உற்பத்தி, கொள்முதல், விற்பனை ஆட்களும் அந்த மேஜையில் உட்கார வேண்டும். கணக்குப் பிரிவு அறைக்குள்ளேயே முடிந்துபோகிற மறுஆய்வு மறுஆய்வே இல்லை.

சான்றுகள் பெரும்பாலும் மில்லுக்குள்ளேயே கிடக்கின்றன. ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மணி நேரம் நின்றது, ஏன் நின்றது என்ற பதிவு இருக்கிறது. ஸ்டோர்ஸில் எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு உதிரிபாகம் போகிறது என்ற கணக்கு இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தக் கோடு ஏறிக்கொண்டே போனால், ஆயுள் நீளும் என்று யார் கையெழுத்திட்டாலும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும்விட நல்ல சான்று ஒன்று உண்டு: கடந்த சில வருடங்களில் விற்ற இயந்திரங்களின் கணக்கு. விற்றபோதெல்லாம் புத்தக மதிப்பைவிடக் குறைவாகக் கிடைத்து நட்டம் எழுதியிருந்தால், ஆயுளை நீளமாகவோ எஞ்சிய மதிப்பை அதிகமாகவோ வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். எப்போதும் லாபமே வந்தால் அதற்கு எதிர்மாறு. பழைய மதிப்பீடு எவ்வளவு பலித்தது என்பதைப் பார்த்துத்தான் புது மதிப்பீட்டை நம்புவதா என்று நல்ல ஆடிட்டர் முடிவு செய்வார்.

முழு இயந்திரத்துக்கும் ஒரே ஆயுள் வைப்பதும் பல சமயம் சரிவராது. ரிங் ஃப்ரேமிலேயே பாருங்கள். டிராவலர் என்ற சின்னஞ்சிறு வளையம் நாள்கணக்கில் தேய்ந்து மாறும். அது ஸ்டோர்ஸ் செலவு, சொத்தே இல்லை. அது சுற்றி ஓடும் ரிங் சில வருடம் வரும். இன்வெர்ட்டரும் மின்னணுப் பகுதியும் சட்டத்தைவிட வெகு சீக்கிரம் பழையதாகிவிடும். விலையில் கணிசமான பங்கும் வேறான ஆயுளும் உள்ள பகுதியைத் தனியாகப் பிரித்துத் தேய்மானம் எழுத வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 2015 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரிக்காமல் விட்டால், அந்தப் பகுதியை மாற்றும் வருடத்தில் பழையதன் மீதி மதிப்பு எவ்வளவு என்றே தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

கம்பெனிச் சட்டம் என்றதும் அதன் இரண்டாம் அட்டவணைக்கு வந்தாக வேண்டும். 1956-ஆம் வருடச் சட்டத்தின் பதினான்காம் அட்டவணை இத்தனை சதவீதம் தேய்மானம் என்று விகிதத்தைக் கொடுத்திருந்தது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புது அட்டவணை விகிதத்தை விட்டுவிட்டு ஆயுளைக் கொடுக்கிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருடம், கணினிக்கு 3, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30, மில்காரர்கள் பலர் வைத்திருக்கும் காற்றாலைக்கு 22. எஞ்சிய மதிப்பு விலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இதிலிருந்து விலகலாம், ஆனால் தொழில்நுட்ப ஆலோசனையின் துணையோடு காரணத்தை நிதிநிலை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

15 வருடம் என்பது ஒற்றை ஷிப்டுக்கு. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் பாதி கூடும், மூன்று ஷிப்டுக்கு இரட்டிப்பாகும். அப்படியானால் வருடம் முழுக்க மூன்று ஷிப்ட் ஓடும் மில்லுக்கு அட்டவணையின்படி ஆயுள் ஏழரை வருடம்தான். நம் கற்பனை மில் 10 வருடம் என்று வைத்தது அட்டவணையிலிருந்து விலகல். எஞ்சிய மதிப்பை 7 லட்சமாக உயர்த்தியதும் விலகல்தான், ஏனென்றால் 1 கோடியே 5 லட்சத்தில் 5 சதவீதம் என்பது 5 லட்சத்து 25 ஆயிரம். இரண்டுக்கும் பொறியாளர் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி கண்ணைச் சிமிட்டும். இரவும் பகலும் தொடர்ந்து இயங்கும் ஆலைகளுக்கு அட்டவணை 25 வருடம் தருகிறது. "நாங்களும் 24 மணி நேரமும்தானே ஓட்டுகிறோம்" என்று அந்த வரிசையில் போய் உட்கார ஆசை வரும். ஆனால் அட்டவணை சொல்வது 24 மணி நேரமும் இயங்கத் தேவைப்படுகிற, அப்படி இயங்கவே வடிவமைக்கப்பட்ட ஆலையை. கண்ணாடி உலையை ஞாயிற்றுக்கிழமை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை பற்றவைக்க முடியாது. ரிங் ஃப்ரேமைத் தீபாவளிக்கு நிறுத்திவிட்டு ஆட்கள் ஊரிலிருந்து வந்த பிறகு ஓட்டலாம். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

எஞ்சிய மதிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் அது. "8 வருடம் கழித்து இரும்பு விலை ஏறியிருக்கும், அதனால் 12 லட்சம் போடுவோம்" என்று சொல்லக் கூடாது. அந்த ஃப்ரேம் தன் கடைசிக் காலத்தில் எந்த வயதில், எந்த நிலையில் இருக்குமோ, அந்த வயதும் நிலையும் உள்ள ஒரு ஃப்ரேமை இன்றைக்கே விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. கழற்றி, ஏற்றி, அனுப்பும் செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். எதிர்கால விலையேற்றத்துக்கு அதில் இடமில்லை. எப்போதாவது அந்தத் தொகை புத்தக மதிப்பையே எட்டிவிட்டால், அது இறங்கும் வரை தேய்மானம் பூஜ்யம்.

மூன்றாவது விஷயம் தேய்மான முறை. நேர்கோட்டு முறை போக, மீதி மதிப்பின் மேல் ஒரே விகிதத்தில் எழுதும் குறைந்துசெல் மதிப்பு முறை நம் ஊரில் பழகியது. நம் ஃப்ரேமுக்கு அந்த முறையில் விகிதம் ஏறக்குறைய 26 சதவீதம் வரும். முதல் வருடமே 27 லட்சத்துக்கு மேல் செலவு. ஐந்து வருட முடிவில் புத்தக மதிப்பு சுமார் 23 லட்சம்தான். நேர்கோட்டில் அதே நாளில் 55 லட்சம். நடுவில் 32 லட்சம் வித்தியாசம்.

இந்த 32 லட்சத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பழைய ஏஎஸ் 6 இருந்த காலத்தில் தேய்மான முறையை மாற்றுவது கணக்கியல் கொள்கை மாற்றமாகக் கருதப்பட்டது. குறைந்துசெல் முறையிலிருந்து நேர்கோட்டுக்கு மாறினால், இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து மறுபடி கணக்குப் போட்டு, அந்த 32 லட்சத்தையும் மாறிய வருடத்து லாபத்தில் ஒரே மூச்சில் வரவு வைக்க வேண்டும். லாபம் தள்ளாடும் வருடத்தில் முறையை மாற்றுவது எத்தனை வசதியான மருந்தாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏஎஸ் 6 இப்போது இல்லை. அதன் இடத்தில் திருத்திய ஏஎஸ் 10 வந்து முறை மாற்றத்தையும் மதிப்பீட்டு மாற்றமாக்கிவிட்டது. இன்று மாறினால் 23 லட்சத்தில் எஞ்சிய மதிப்பு 5 லட்சத்தைக் கழித்து, மீதி 18 லட்சத்தை மீதி ஐந்து வருடத்துக்குப் பங்கிட வேண்டியதுதான். வருடத்துக்கு சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம். பழைய முறையிலேயே இருந்திருந்தால் ஆறாவது வருடத்துக்கு 6 லட்சம் எழுதியிருப்பார்கள். கொஞ்சம் லாபம் இன்னும் கூடுகிறது. அந்தப் பெரிய திடீர் வரவு மட்டும் போயிற்று. என்னைக் கேட்டால் கணக்கியல் தரங்களில் நடந்த நல்ல திருத்தங்களில் இது ஒன்று.

முறையை மாற்றுவதற்குக் காரணமும் வேண்டும்: சொத்து தன் பயனைத் தரும் விதமே மாறியிருக்க வேண்டும். ஒரு வருடம் மூன்று ஷிப்டும் அடுத்த வருடம் ஒரே ஷிப்டும் ஓடுகிற ஆலைக்கு, ஓடிய மணி நேரத்தையோ இறக்கிய உற்பத்தியையோ வைத்து எழுதும் முறை நியாயமாகப் பொருந்தலாம். விற்பனைத் தொகையை அளவுகோலாக வைத்து இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுத மட்டும் முடியாது. சர்வதேச வாரியம் 2014-இல் கொண்டுவந்த திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது. நூல் விலை ஏறினால் விற்பனைத் தொகை ஏறும், ஆனால் அதனால் ஸ்பிண்டில் அதிகம் தேய்வதில்லை.

உற்பத்தி நிறுவனத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆலை இயந்திரத்தின் தேய்மானம் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போவதில்லை. உற்பத்திச் செலவாக நூலின் அடக்க விலைக்குள் ஏறுகிறது. விற்காத நூல் கோடவுனில் இருக்கும் வரை அந்தத் தேய்மானமும் சரக்கிருப்பு மதிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே 1 கோடியே 60 லட்சம் குறைந்தது என்றால் அது முழுவதும் அதே வருட லாபத்தில் தெரியாது. ஒரு பங்கு சரக்கிருப்பைக் குறைத்துவிட்டு, அந்த நூல் விற்ற பிறகே லாபத்துக்கு வரும். வருமான வரிக் கணக்கோ இதில் எதற்கும் அசைவதில்லை. அது பொதுவான இயந்திரத் தொகுதிக்குத் தன் 15 சதவீதத்தைத் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒத்திவைத்த வரியாகக் கணக்கில் ஏறும். கையில் உள்ள ரொக்கமும் அப்படியே இருக்கும்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் நடப்பதில்லை என்று காட்ட இன்டெல் நிறுவனத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிப் தயாரிக்கும் இயந்திரங்களில் சிலவற்றின் ஆயுளை 2023 ஜனவரி முதல் 5 வருடத்திலிருந்து 8 வருடமாக உயர்த்தியது அந்த நிறுவனம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் தேய்மானம் சுமார் 420 கோடி டாலர் குறையும் என்று முன்கூட்டியே அறிவித்தது. அதில் சுமார் 120 கோடி டாலர் சரக்கிருப்பு மதிப்பில் தங்கும் என்றும் பிரித்துச் சொன்னது. மேலே சொன்ன நூல் கோடவுன் கணக்கேதான், அளவு மட்டும் பெரிது.

அதோடு கதை முடியவில்லை. 2024-இன் மூன்றாம் காலாண்டில் இன்டெல் சுமார் 310 கோடி டாலர் செலவை எழுதியது. சில உற்பத்திச் சொத்துகளின் மதிப்பிழப்பும் வேகப்படுத்திய தேய்மானமும் சேர்ந்த தொகை அது. பெரும்பகுதி ‘இன்டெல் 7’ என்ற உற்பத்தித் தலைமுறையைச் சார்ந்தது. ஆயுளை நீட்டி இரண்டு வருடம் முடிவதற்குள், வேறொரு சான்று வந்து சில சொத்துகளின் கணக்கை எதிர்த்திசையில் திருப்பிவிட்டது. 2023-இல் செய்தது தவறு என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். வருடாவருடம் பார் என்று விதி சொல்வது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

தீர்ப்பு எழுதத் தக்க சம்பவம் வேறு. அமெரிக்காவின் குப்பை அள்ளும் பெருநிறுவனம் வேஸ்ட் மேனேஜ்மென்ட், 1992 முதல் 1997 வரையிலான தன் லாபத்தை 170 கோடி டாலர் மிகைப்படுத்தியிருந்ததாக 1998-இல் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2002-இல் தொடுத்த வழக்கில் சொன்ன குற்றச்சாட்டுகளில் முதன்மையானது தேய்மானம். குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டினார்கள், ஆதாரமே இல்லாமல் அவற்றின் எஞ்சிய மதிப்பை ஏற்றினார்கள், அதுவரை எஞ்சிய மதிப்பே வைக்காத மற்றச் சொத்துகளுக்கும் ஒரு மதிப்பைக் கற்பித்தார்கள் என்றது ஆணையம். தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 70 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

நம் கற்பனை மில் செய்ததும் ஆயுளை நீட்டியதுதான், எஞ்சிய மதிப்பை ஏற்றியதுதான். வித்தியாசம் எங்கே? மில்லில் எண் ஷெட்டிலிருந்து கிளம்பி அலுவலகத்துக்கு வந்தது. மற்றதில் தலைமையகத்தில் வேண்டிய லாபம் முதலில் முடிவாகி, எண் அங்கிருந்து லாரிகளுக்குப் போனது. ஒரே மாற்றம், இரண்டு திசை.

மதிப்பீட்டு மாற்றத்துக்கும் பிழைக்கும் நடுவில் உள்ள கோடும் இதே இடத்தில்தான் ஓடுகிறது. அன்று கைக்கு எட்டிய தகவலை நேர்மையாகப் பயன்படுத்தி, பிறகு உலகம் மாறியதால் எண் மாறினால் அது மதிப்பீட்டு மாற்றம். முன்னோக்கி மட்டும் திருத்தினால் போதும். ஐந்து வருடத்துக்கு முன்பே பொறியாளர் அறிக்கை கோப்பில் இருந்தும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அது பிழை. இண்ட் ஏஎஸ் பின்பற்றும் நிறுவனம் அதற்குப் பழைய வருடங்களின் எண்களையே திருத்தி வெளியிட வேண்டும். ரொம்ப நாளாக மறந்துபோன பதிவேட்டை இந்த வருடம் திடீரென்று திருத்திவிட்டு, மதிப்பீடு மாறியது என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வதை நல்ல ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கை வந்ததும் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். கணக்கியல் கொள்கைக் குறிப்பில் இயந்திரங்களுக்கு எத்தனை வருடம் போட்டிருக்கிறார்கள், அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்கள் எத்தனை வருடம் போட்டிருக்கின்றன என்பது ஒன்று. சொத்து விற்பனையில் லாபமா நட்டமா, அது வருடாவருடம் ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்பது இரண்டு. ஆயுளோ எஞ்சிய மதிப்போ முறையோ மாறியிருந்தால், அதனால் இந்த வருட லாபம் எவ்வளவு மாறியது என்ற தொகை மூன்று. அந்தத் தொகையை வெளியிட வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 8 சொல்கிறது. குறிப்பில் அது இல்லையென்றால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.